டிரான்ஸ்போர்ட் லேயர்: ஐந்து கேள்வி, பதினைந்து மார்க்

நாகர்கோவிலில் டிப்ளமோ மாணவர்களுக்கு நெட்வொர்க் பாடம் எடுக்கிறேன், விடைத்தாளும் திருத்துகிறேன். தேர்வுக்கு முன்னால் எழுதிப் பார்க்க ஒரு மாதிரித் தாள் கொடுத்திருந்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, மார்க் எங்கே விழும் எங்கே போகும் என்பதையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதலில் தாள்.

1. டிஎன்எஸ் கேள்வி பெரும்பாலும் யுடிபியில் போவது ஏன்? எப்போது டிசிபிக்கு மாறும்? (2)
2. கிளையன்டின் தொடக்க எண் 1000, சர்வருடையது 5000. இணைப்பை ஏற்படுத்தும் மூன்று செக்மென்ட்களின் எண்களை எழுதுக. (3)
3. அதே இணைப்பில் கிளையன்ட் 500 பைட் வீதம் ஐந்து செக்மென்ட் அனுப்புகிறது. இரண்டாவது மட்டும் வழியில் தொலைகிறது. வந்து சேரும் ஒவ்வொரு செக்மென்டுக்கும் சர்வர் உடனே ஓர் ஏக் அனுப்புகிறது. அந்த ஏக்குகளை வரிசையாக எழுதுக. தொலைந்தது எப்போது மறுபடி அனுப்பப்படும்? (5)
4. ஃப்ளோ கன்ட்ரோல், கஞ்செஷன் கன்ட்ரோல்: எது யாரைக் காப்பாற்றுகிறது? (3)
5. ஒரே கணினியில் இரண்டு பிரவுசர், இரண்டிலும் ஒரே தளம். சர்வர் இரண்டு இணைப்பையும் எப்படிப் பிரித்தறிகிறது? (2)

மார்த்தாண்டம், இரண்டாம் ஆண்டு மாணவி: சார், முதல் கேள்விக்கு டிசிபி, யுடிபி வித்தியாசம் பத்துப் பாயின்ட் டேபிள் போட்டு எழுதினேன். முழு மார்க் கிடைக்குமா?

கிடைக்காது மக்கா. பத்தும் சரியாகவே இருக்கட்டும், கேட்டது டிஎன்எஸ். கேள்வி ஒரு பாக்கெட், பதில் ஒரு பாக்கெட். அதற்காக ஒரு ஹேண்ட்ஷேக் நடத்தினால் இன்னொரு சுற்றுப் போய்வர வேண்டும். இதைச் சொன்னால் ஒரு மார்க். பதில் பெரிதாகி வெட்டுப்பட்டு வந்தால் அதே கேள்வியை டிசிபியில் மறுபடி கேட்கும் என்பதற்கு இன்னொன்று. மொத்தம் மூன்று வரி போதும். டேபிள் போட்ட நேரத்தில் மூன்றாம் கேள்வியை முடித்திருக்கலாம்.

குழித்துறை மாணவர்: லேபில் வயர்ஷார்க்கில் பார்த்தால் எல்லா இணைப்பும் `Seq=0` என்றுதான் தொடங்குகிறது. தாளில் 1000 என்று இருக்கிறதே, தப்பா சார்?

தப்பில்லை. வயர்ஷார்க் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று உண்மையான எண்ணை மறைத்து 0 என்று காட்டுகிறது. டிசிபி செட்டிங்கில் `Relative sequence numbers` என்பதில் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பத்து இலக்கத்தில் ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். தாளில் கணக்குக்குச் சுலபமாக 1000 வைத்தேன். விடை இது:

```
SYN      seq=1000
SYN+ACK  seq=5000  ack=1001
ACK      seq=1001  ack=5001
```

வரிக்கு ஒரு மார்க். திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது 1001, 5001 இரண்டையும்தான். சின் செக்மென்டில் ஒரு பைட் டேட்டாகூட இல்லாவிட்டாலும் அது ஓர் எண்ணைச் சாப்பிடும். வெறும் ஏக் எதையும் சாப்பிடாது. ஆகவே முதல் டேட்டாவும் 1001 என்றே தொடங்கும். "1001 ஏற்கனவே போய்விட்டதே" என்று 1002 போடுகிறவர்களுக்கு மூன்றாம் கேள்வி முழுக்க ஒன்று தள்ளிப் போகும். அப்படி வந்தால் ஒரு மார்க் மட்டும் குறைப்பேன். எல்லாரும் அப்படி விடுவார்கள் என்று சொல்ல முடியாது.

தக்கலை மாணவர்: மூன்றாம் கேள்விக்கு ஏக் 1501 மூன்று தடவை வந்ததும் மறுபடி அனுப்பும், அப்புறம் ஏக் 2001 வரும் என்று எழுதினேன். சரிதானே?

பாதி சரி. ஏக்கில் இருப்பது "அடுத்து எனக்கு வேண்டிய பைட்" என்பதைப் பிடித்திருக்கிறீர்கள். நிறையப் பேர் கடைசியாக வந்த பைட் என்று நினைத்து 1500 போடுவார்கள். ஆனால் எண்ணிக்கை ஒன்று குறைகிறது. வரிசையாகப் பாருங்கள்:

```
1001-1500  வந்தது       ack=1501
1501-2000  தொலைந்தது
2001-2500  வந்தது       ack=1501
2501-3000  வந்தது       ack=1501
3001-3500  வந்தது       ack=1501
1501-2000  மறுபடி       ack=3501
```

முதல் 1501 முறையாக வந்த ஏக், அது நகல் இல்லை. அதற்குப் பிறகு வருபவைதான் நகல். மூன்று நகல் சேரும்போது மொத்தம் நான்கு 1501 ஆகியிருக்கும், அப்போதுதான் கிளையன்ட் டைமருக்குக் காத்திராமல் மறுபடி அனுப்பும். கடைசி ஏக் 2001 இல்லை. பின்னால் வந்த மூன்றையும் சர்வர் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறது. ஓட்டை அடைபட்டதும் ஒரே தாவாக 3501.

மார்க்: முதல் 1501க்கு 1, நகல்களுக்கு 1, "மூன்றாவது நகல்" என்ற சொல்லுக்கு 1, கடைசி 3501க்கு 1, ஏன் 2001 இல்லை என்ற காரணத்துக்கு 1. உங்களுக்கு இரண்டு வரும்.

நாகர்கோவில், நெட்வொர்க் வேலையில் இருப்பவர்: உண்மையில் சர்வர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு செக்மென்டுக்கும் ஏக் போடாது, இரண்டுக்கு ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் உங்கள் விடையே மாறுமே ஐயா?

மாறும். அதனால்தான் கேள்வியில் "உடனே" என்று ஒரு சொல் போட்டேன். அதை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுவோம். 1001 வந்ததும் சர்வர் ஏக்கைக் கொஞ்சம் தாமதிக்கிறது, அடுத்தது வந்தால் சேர்த்து அனுப்பலாம் என்று. வந்ததோ 2001, வரிசை தப்பி. வரிசை தப்பினால் தாமதிக்காமல் ஏக் அனுப்ப வேண்டும். ஆக முதல் 1501 இப்போதுதான் போகிறது. மிச்சம் இருப்பது இரண்டு செக்மென்ட், கிடைக்கும் நகலும் இரண்டுதான். மூன்று சேரவில்லை! பாட முறைப்படி டைமர் தீரும்வரை கிளையன்ட் சும்மா நிற்கும். இப்போதைய லினக்ஸில் இதற்கும் முன்னதாகக் கண்டுபிடிக்கும் வழிகள் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிப்ளமோ தாளில் அதைக் கேட்பது நியாயமா என்பதில் எனக்கும் சக ஆசிரியர் ஒருவருக்கும் இன்னும் வாக்குவாதம்தான்.

கொல்லங்கோடு மாணவி: ஐந்தாவதுக்கு போர்ட் நம்பர் என்று மட்டும் எழுதினால் போதுமா சார்?

எந்தப் போர்ட் என்று நான் கேட்பேனே. சர்வர் பக்கம் இரண்டுக்கும் 443. கணினியின் பக்கம்தான் வேறு வேறு. இரண்டு ஐபி, இரண்டு போர்ட், நான்கும் சேர்ந்துதான் அடையாளம் என்பதற்கு ஒன்று, மாறுவது கிளையன்ட் போர்ட் என்பதற்கு ஒன்று.

குலசேகரம், ரப்பர் வியாபாரி: என் பையன் தாளைக் காட்டினான். குடோன் கேமராவின் பதிவை வீட்டு லேப்டாப்பில் இறக்கினால் மழை நேரத்தில் நின்று நின்று வருகிறது. நாலாம் கேள்வியில் சொல்கிற எது இது?

அண்ணாச்சி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஃப்ளோ கன்ட்ரோல் வாங்குகிறவரைக் காப்பாற்றுகிறது. உங்கள் லேப்டாப் "எனக்கு இடமில்லை, நிறுத்து" என்று விண்டோவைச் சுருக்கும். கஞ்செஷன் கன்ட்ரோல் நடுவில் உள்ள பாதையைக் காப்பாற்றுகிறது. அங்கே பெரும்பாலும் யாரும் வந்து சொல்வதில்லை, தொலைந்த செக்மென்டை வைத்து அனுப்புகிறவரே ஊகித்து வேகத்தைக் குறைக்கிறார். பையனிடம் சொல்லுங்கள்: காப்பாற்றப்படுவது யார் என்பதற்கு இரண்டு மார்க், சேதி எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒன்று.

உங்கள் கேமரா எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பதிவு டிசிபியில் இறங்குகிறது என்றால், லேப்டாப்பில் வயர்ஷார்க்கை ஓட விட்டு இந்த இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்:

```
tcp.analysis.zero_window
tcp.analysis.duplicate_ack
```

முதலாவதில் வரிகள் வந்தால் லேப்டாப் திணறுகிறது. இரண்டாவதில் குவிந்தால் வழியில் தொலைகிறது. மழையில் மட்டும் வருவதால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். அதிலும் ஒரு சிக்கல்: ரேடியோ சிக்னல் கெட்டுத் தொலைந்தாலும் அனுப்புகிற பக்கம் பெரும்பாலும் நெரிசல் என்றே எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். மழை பெய்யும்போது ஒரு பதிவு, வெயிலில் ஒரு பதிவு எடுத்துப் பையனிடம் கொடுத்து விடுங்கள், பார்க்கிறேன்.