பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது குளிர்ந்த நீர்: கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த் அம்மா: மகளுக்குப் பார்டர்லைன் என்கிற, உணர்ச்சி சட்டென்று கட்டுமீறும் ஆளுமைக் கோளாறு என்றார்கள். காதலன் மெசேஜுக்குப் பதில் போடாவிட்டால் வீடே ரெண்டாகும். உணர்ச்சியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் டி.பி.டி. சிகிச்சை வகுப்பில் முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொன்னார்களாம். செய்தாள், பலனில்லை.

அம்மா, முதலில் ஒன்று. இதய நோய் இருந்தாலோ, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கி மிகவும் மெலிந்திருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. மூச்சை அடக்கி முகம் குளிர்ந்த நீரில் அமிழும்போது துடிப்பு சட்டென்று குறையும். நமக்கு வேண்டியதும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

டர்பனில் கோடையில் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். அதில் முகம் கழுவினால் ஒன்றும் நடக்காது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக் கொஞ்சம் ஐஸ் போடுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம், வலிக்கிற அளவு குளிர் கூடாது. குனிந்து, மூச்சை அடக்கி, கண்ணும் கன்னமும் நனைய 30 நொடி வரை வைக்க வேண்டும். முடியாவிட்டால் உடனே எடுத்துவிடலாம்.

பலன் சில நிமிடங்கள்தான் நிற்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் மகளுக்குப் பதற்றம் நூற்றுக்குத் தொண்ணூறு என்று வைப்போம். தண்ணீருக்குப் பிறகு அறுபதாகும். அப்போதே போனை எடுத்துப் பார்த்தால் மறுபடி தொண்ணூறு. போன் வேறு அறையில் இருக்கட்டும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக, நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு என்று விடச் சொல்லுங்கள். அவனுக்கு என்ன எழுதுவது என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

ஃபீனிக்ஸ் தம்பி: அக்கா, ஐஸ் கட்டியைக் கையில் பிடித்தாலே போதும். எனக்கு அடங்குகிறது.

பாதி சரி, தம்பி. கையில் பிடிக்கும் ஐஸ் கவனத்தைத் திருப்பும். துடிப்பைக் குறைப்பது முகத்தில் படும் குளிர். இரண்டும் வேறு வேலை. தோல் மரத்துப்போகும்வரை பிடிக்காதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அத்தை: மருமகன் மூன்று வாரம் தூங்காமல் உற்சாகமாக இருப்பான், பிறகு ஒரு மாதம் படுக்கைதான். தண்ணீர் வைக்கலாமா?

வாரக்கணக்கில் நீடிப்பது வேறு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொருவர்: பார்டர்லைனுக்கு என்ன மாத்திரை?

இதற்கென்றே தனி மாத்திரை இல்லை. கூட வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்குத் தருவார்கள். எடுப்பதைத் தானாக நிறுத்தாதீர்கள்.

வெருலம் தாத்தா: துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நானும் செய்யலாமா?

மேலே முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன், ஐயா. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஒரு மாமா: முகம் கழுவினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? கத்தினால் ஐஸ் கொண்டுவந்து கொடுப்பது செல்லம் கொடுப்பதுதானே.

சாட்ஸ்வொர்த் அம்மா: செல்லமா? போன வாரம் நான்தான் தலையைப் பிடித்து அமுக்கினேன்!

அம்மா, அது ஒருபோதும் கூடாது. தானாகச் செய்யாவிட்டால் பாத்திரத்தை வைத்துவிட்டு நகருங்கள். மாமா, பிரச்சினை தீராது என்பது சரி. டி.பி.டி.யை உருவாக்கிய மார்ஷா லினஹன் இதை வைத்தது நெருக்கடியில் நிலைமையை மோசமாக்காமல் தாண்டுவதற்கு. மறுநாள் அமைதியாக உட்கார்ந்து எது முதலில் நடந்தது, மனதில் என்ன ஓடியது, எந்த இடத்தில் வேறு வழி இருந்தது என்று கண்ணி கண்ணியாகப் பார்ப்பது தெரபிஸ்டோடு செய்யும் வேலை.

மாமா: அதற்குள் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்வது? பார்த்துக்கொண்டே இருப்பதா?

அவள் வலியைப் புரிந்துகொண்டால் போதும், செய்வதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டாம், மாமா. "பதில் வராதது உனக்கு வலிக்கிறது" என்று சொல்லலாம், "நீ கத்துவது சரி" என்று சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் கூட இருப்பது என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதை அவள் தெரபிஸ்டிடமே கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டுவிட்டு தென்னாப்பிரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567-க்குப் போன் செய்யுங்கள், தனியாக விடாதீர்கள்.