சிபில் இல்லாதவருக்கு லாரி லோன் கிடைக்குமா?

கேள்வி: 14 வருடம் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். அங்கே கார் லோனை ஒரு நாள் தவறாமல் கட்டியவன். இங்கே மாங்காய் ஏற்ற மினி லாரிக்கு லோன் கேட்டால், "உங்களுக்கு சிபிலே இல்லையே" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: துபாயில் கட்டிய தவணைகள் அந்த நாட்டுக் கணக்கில்தான் இருக்கும், இங்கே வந்து சேராது. முதலில் சிபில் இணையதளத்தில் உங்கள் அறிக்கையை எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் NH என்று இருந்தால் கடன் வரலாறே இல்லை என்று அர்த்தம், கெட்ட பெயர் இல்லை. குறைந்த மதிப்பெண் வந்தால்தான் கவலை. வெளிநாடு போகுமுன் யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டீர்களா, பழைய கார்டை முடிக்காமல் விட்டீர்களா என்று பாருங்கள்.

NH என்றால், என்.ஆர்.இ. கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றிவிட்டு (ஊரோடு வந்தவர் மாற்றியே ஆகவேண்டும்), ஒரு டெபாசிட் போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு கேளுங்கள். டெபாசிட்டே ஈடு என்பதால் சிபில் பார்த்து மறுக்க மாட்டார்கள். உதாரணமாக 50,000 ரூபாய் போட்டால் 40,000 அளவுக்கு லிமிட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். டீசல், மளிகை என மாதம் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குள் அதில் செலவழியுங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலும் பில் போடும் நாளில் இருக்கும் பாக்கிதான் சிபிலுக்குப் போகிறது. 35,000-க்கு ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டு, கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டினாலும், லிமிட்டை வழித்தெடுக்கிற ஆள் என்றுதான் அந்த மாதம் பதிவாகும். அப்படிப் பெரிய செலவு வந்தால் பில் போடுமுன்பே கட்டிவிடுங்கள். "மினிமம் டியூ" என்ற வரியை மட்டும் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள்.

சுமார் ஆறு மாதத்தில் மதிப்பெண் வந்துவிடும். வங்கி நகைக் கடனும் பதிவாகும். கடைவீதி அடகுக்கடையில் வைத்தது பதிவாகாது.

இன்னொன்று. வண்டி ஷோரூமில் பான் நம்பரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நாலைந்து ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஒரே நாளில் அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றும் விசாரணையாகப் பதிவாகி, பணத்துக்கு அலைகிற ஆள் போலக் காட்டும்.

அவசரம் என்றால், துபாய் சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மெண்டோடு உங்கள் கணக்குள்ள கிளை மேலாளரையே பாருங்கள். முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் முடிவு அவர் கையில்தான். மறுத்தால் சண்டை வேண்டாம். ஐப்பசியில் கார்டை எடுத்தால், சித்திரையில் மாங்காய் இறங்கும்போது மதிப்பெண்ணோடு அதே மேலாளர் முன் போய் உட்காரலாம்.