பொட்டுப் பொட்டாகத் தடிப்பு: போட்டோ போதுமா?

"உடம்பில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பினால் என்னவென்று தெரிந்துவிடுமா, நேரில்தான் போகணுமா?"

காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் போட்டோவோடு நிற்க வேண்டாம், நேரில் போய்விடுங்கள்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில், அம்மா வரப்பில் மாட்டுக்குப் புல்லறுத்துவிட்டு வந்து பத்து நாள் இருக்கும், காய்ச்சல் அடித்தது. தலைவலி வேறு. ஐந்தாம் நாள் வயிற்றில் இளஞ்சிவப்புப் பொட்டுகள். அரிப்பு இல்லை. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் வயிற்றைப் போட்டோ எடுத்து, நர்ஸ் வேலை பார்க்கும் மதினிக்கு அனுப்பினேன். அம்மா நல்ல கறுப்பு, படத்தில் பொட்டே சரியாகத் தெரியவில்லை. "அலர்ஜி மாதிரி இருக்கு, ஆனா காய்ச்சல் இருக்குல்லா, நாளைக்கே காட்டிருங்க" என்றார்கள் மதினி. நான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அலர்ஜி மாத்திரை வாங்கிக் கொடுத்து இரண்டு நாளை வீணாக்கினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொட்டைப் பார்த்ததும், "புல்லுக்குள்ள போனீங்களா?" என்று கேட்டார். அப்புறம் அக்குள், மார்புக்கு அடியில், இடுப்பு என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். பாவாடை நாடா இறுகும் இடத்தில் இருந்தது: பீடி நெருப்புப் பட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. அது வலிக்காது, அரிக்காது. அதனால் அம்மாவுக்கே தெரியவில்லை. என் போட்டோ அதற்கு இரண்டு அங்குலம் மேலேயே முடிந்திருந்தது.

அது ஸ்கிரப் டைபஸ். புல் புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகுமாம். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இல்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது.

போட்டோவில் வடிவம் தெரியும். ஓரம் தடித்து வட்டமாகப் பரவும் படர்தாமரை, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வரும் அக்கி இவையெல்லாம் பெரும்பாலும் பார்த்ததும் பிடிபடும். தொட்டால் சுடுகிறதா, மரத்திருக்கிறதா என்பது படத்தில் வராது. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறையவே இல்லையென்றால் தோலுக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போகணும். புது மாத்திரை சாப்பிட்ட பிறகு வாயிலோ கண்ணிலோ புண் வந்தாலும் அப்படித்தான். உதடு வீங்கி மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, போட்டோவே வேண்டாமா என்றால், எடுங்கள். பகல் வெளிச்சத்தில், தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று. காணாக்கடி மாதிரித் தடிப்பு நாம் டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும்போதே மறைந்துவிடும். அப்போது காட்டுவதற்கு அந்தப் படம்தான் இருக்கும்.