டில்லியில் நிற்பதாகச் சொல்லப்படும் பார்சல்

கேள்வி: எனக்கு 41 வயது. கணவரை இழந்தவள்; கோவையில் ஆசிரியையாக இருக்கிறேன். திருமணத் தகவல் தளத்தில் அறிமுகமான ஒருவர், மான்செஸ்டரில் மருத்துவராக இருப்பதாகச் சொல்லி மூன்று மாதமாகப் பேசி வருகிறார். அவர் அனுப்பிய பரிசுப் பார்சலுக்கு வரி கட்ட வேண்டும் என்று டில்லி கஸ்டம்ஸிலிருந்து ஒரு பெண் பேசியதால், சென்ற வாரம் 38,500 ரூபாய் அனுப்பினேன். உள்ளே பவுண்டு நோட்டுகள் இருப்பதால் மேலும் 1,85,000 ரூபாய் வேண்டுமாம். என்னிடம் இல்லை என்றதும், அந்த மருத்துவர், தன் நண்பர் அந்தத் தொகையை என் கணக்கில் போடுவார், நான் அதை அவர்களுக்கு அனுப்பினால் போதும் என்கிறார். செய்யலாமா?

பதில்: அன்புச் சகோதரி, செய்யாதீர்கள். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னதை, இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காகவும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இழந்த 38,500 ரூபாயைவிட என்னைக் கவலைப்படுத்துவது அந்த "நண்பர்" போடப்போகும் பணம்தான். உங்களைப் போலவே ஏமாற்றப்பட்ட இன்னொருவர் எங்கோ ஓர் ஊரில் அனுப்பும் பணமாக அது இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை உங்கள் கணக்கில் வாங்கி மேலே அனுப்பச் செய்வதன் மூலம், காவல்துறை பின்தொடரும் தடத்தில் தங்கள் பெயருக்குப் பதிலாக உங்கள் பெயரை வைத்துவிடுகிறார்கள். அந்த மற்றவர் புகார் கொடுத்ததும் முதலில் முடக்கப்படுவது உங்கள் சம்பளக் கணக்காகத்தான் இருக்கும். வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பும் வரலாம். ஆகவே உங்கள் கணக்கு எண்ணை ஏற்கெனவே கொடுத்திருந்தால் வங்கிக்கு இன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள்; பணம் வந்துவிட்டால் அதை யாருக்கும் அனுப்பாமல், "திருப்பி" அனுப்பவும் முயலாமல், வங்கியிடமே சொல்லுங்கள்.

இந்த மோசடியில் அந்த மனிதர் தன் வாயால் பணம் கேட்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பவர் "கஸ்டம்ஸ் அதிகாரி". அந்த மனிதரோ உங்களோடு சேர்ந்து வருந்துபவர். அதனால்தான் படித்தவர்களும் எச்சரிக்கையாக இருப்பவர்களும் இதில் விழுகிறார்கள். நீங்கள் வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. நீங்கள் பணம் அனுப்பிய ரசீதை எடுத்து, பெற்றவர் பெயரைப் பாருங்கள். அங்கே ஒரு தனிநபரின் பெயர் இருந்தால் அந்த ஒன்றே போதும், ஏனென்றால் சுங்க வரி எந்தத் தனிநபரின் சேமிப்புக் கணக்கிலும் கட்டப்படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சாதாரணப் பரிசுக்கு வரி உண்டென்றால், அதைத் தபால்காரரோ கூரியர் நிறுவனமோ உரிய ரசீதுடன் வசூலிப்பார்கள். சுங்கத்துறை அனுப்பும் கடிதங்களில் 2019 நவம்பர் முதல் டி.ஐ.என். என்ற அடையாள எண் இருக்க வேண்டும். அது உண்மையானதா என்பதை cbic.gov.in தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். பவுண்டு நோட்டுக் கதையும் நிற்காது, பெயர் பெற்ற கூரியர் நிறுவனங்கள் பணத்தாள்களைப் பார்சலில் ஏற்பதில்லை. முதல் தொகை கொடுத்தவர் அடுத்ததையும் கொடுப்பார் என்ற கணக்கில்தான் அது இரண்டாவதாக வருகிறது. மறுத்தால், கறுப்புப் பண வழக்கில் கைது என்ற மிரட்டல் வரும். அதற்கும் பதில் சொல்ல வேண்டாம்.

ஒருவேளை அவர் உண்மையானவராக இருந்தால் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. பிரிட்டனில் பணிபுரியும் மருத்துவர் எவரும் அங்குள்ள பொது மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலை gmc-uk.org தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். அவர் சொன்ன பெயர் அங்கே இல்லையென்றால் அவர் சொன்னது பொய். இருந்தாலும் அது சான்றாகிவிடாது, ஏனென்றால் உண்மையான மருத்துவர்களின் பெயரையும் படத்தையும் திருடுவது இவர்களுக்கு வழக்கம்.

அடுத்து 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் அனுப்பிய நாள், நேரம், தொகை, ரசீதில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் கைமாறுவதற்கு முன் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் கடந்த நிலையில் அந்த வாய்ப்பு குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. நீங்களே அனுப்பிய பணம் என்பதால் வங்கி தானாக ஈடு செய்யும் என்றும் எதிர்பார்க்க முடியாது. ஆயினும் அந்த "நண்பர்" விவகாரத்தில் உங்களைக் காக்கப்போவது இந்தப் புகார்தான்.

உரையாடல்களை அழிக்காதீர்கள். கோபத்தில் அவரிடம் எதையும் விசாரிக்கவும் வேண்டாம். தெரிந்துவிட்டது என்று உணர்ந்தால், செய்திகளை அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து நீக்கிவிடக்கூடும். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து, எண்களும் தேதிகளும் தெரிய அச்சிட்டு, காவல் நிலையத்துக்குப் போகும்போது உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.