தள்ளுபடி முதலில் கழியுமா, வரி முதலில் ஏறுமா?

கேள்வி: கல்யாணத்துக்கு வைத்துக்கொடுக்க காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை வாங்கினோம். 1,200 ரூபாயில் 10, 1,400 ரூபாயில் 3. தள்ளுபடி 10%. டாக்ஸ் இன்வாய்ஸின் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் மொத்தம் 15,390. என் கணக்கில் 15,309. இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டார்களா?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இது டைப்பிங் தவறு இல்லை.

முதலில் ஒவ்வொரு விலையையும் சேலைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். 12,000, அடுத்து 4,200, கூட்டினால் 16,200. இதுவரை சரி. தள்ளுபடி 1,620 போக 14,580. பருத்திச் சேலைக்கு ஜிஎஸ்டி 5%, அதாவது 729. ஆக உங்கள் 15,309.

இப்போது ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கி, CGST, SGST என்ற இரண்டு கட்டங்களையும் பாருங்கள். கடையும் நீங்களும் தமிழ்நாட்டுக்குள் என்பதால் 5% வரி இரண்டரை இரண்டரையாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் 364.50 இருக்க வேண்டும். உங்கள் பில்லில் 405 என்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

இருந்தால் அந்த 405-ஐ 0.025-ஆல் வகுங்கள். 16,200 வரும். வரி எந்தத் தொகைக்குப் போட்டார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்: தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கு. 16,200-க்கு 810 வரியை ஏற்றி, 17,010-இல் 1,620-ஐக் கழித்திருக்கிறார்கள். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் 81 ரூபாய். அது தள்ளுபடித் தொகையின் மேல் வந்த 5% வரி. மற்ற பில்களிலும் இப்படி வரியை வீதத்தால் வகுத்துப் பாருங்கள். மேலிருந்து கூட்டிக்கொண்டு வருவதைவிட இது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

விற்கும்போதே பில்லில் காட்டிய தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் வரி போட வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பில் போடும் மென்பொருளில் தள்ளுபடியை வரிக்குக் கீழே உள்ள கட்டத்தில் அடித்தால் இப்படித்தான் வரும். பில்லில் வரி என்று காட்டிய 810-ஐ அவர் அரசுக்குக் கட்டியாக வேண்டும். அவருக்கும் இதில் லாபமில்லை.

இதே சேலைகளை பெங்களூருக்கு அனுப்பச் சொல்லி வாங்கியிருந்தால், இரண்டு கட்டங்களுக்குப் பதில் IGST என்று ஒரே கட்டத்தில் 729 வரும். பைசாவில் வரும் சிறு வித்தியாசம் ரவுண்டிங், அதை விட்டுவிடலாம்.

ஸ்கிரீன்ஷாட்டில் கூட்டல் சரியாக வந்தாலும் பில் அசல் என்று சொல்லிவிட முடியாது. பில்லின் மேலே உள்ள ஜிஎஸ்டி எண்ணை services.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போடுங்கள். தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும். அங்கே Composition என்று வந்தால், அது சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டத்தில் உள்ள கடை. அந்தக் கடை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது.

கடையில் கேட்கும்போது 81 ரூபாய் என்று ஆரம்பிக்காமல், “தள்ளுபடி போனபிறகு வரி போட்டுத் திருத்தின பில் கொடுங்க, பிடிஎஃப்பா அனுப்புங்க” என்று கேளுங்கள். அந்த மாதக் கணக்கை அவர்கள் தாக்கல் செய்துவிட்டிருந்தால், கூடுதலாகப் போட்ட வரியைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் தரலாம்.