தெரியாத ஆளுக்குப் போன பணம்: கேள்வி பதில்

வடசென்னையில் ஒரு வங்கிக் கிளையின் புகார் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். இன்று மாலை வரை பதில் சொல்கிறேன். போனில் தவறான ஆளுக்கு அனுப்பிய பணம் பற்றி மட்டும் கேளுங்கள். லோன், பாஸ்புக் எல்லாம் வேறொரு நாள்.

"அண்ணே, காசிமேட்டுல மீன் ஏலம் எடுக்கிறேன். நேத்து விடியக்காலம் ஐஸ்காரருக்கு 18,500 அனுப்பும்போது கடைசி நம்பர் 6-க்கு பதிலா 9 அடிச்சிட்டேன். அந்த ஆளு போனே எடுக்கல."

தம்பி, ஒன்றை முதலில் மனசில் வாங்கிக்கொள். நீ பின் நம்பர் போட்ட பிறகு பணம் அவர் கணக்கில் ஏறிவிட்டால், அவர் சம்மதிக்காமல் உன் வங்கியும் சரி, அந்த ஆப்பும் சரி, அதைத் திரும்ப எடுக்க முடியாது. மீதி எல்லாமே அந்தச் சம்மதத்தை எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறோம் என்பதுதான்.

ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் UTR என்று 12 இலக்க எண் இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொள். அங்கேயே புகாரும் பதிவு செய். அதோடு நின்றுவிடாதே. இன்றைக்கே உன் கிளைக்குப் போய் எழுத்தில் மனு கொடு. தேதி, நேரம், தொகை, அந்த 12 எண், யாருக்கு அனுப்ப நினைத்தாய், எந்த எண்ணுக்குப் போனது, இவ்வளவும் இருந்தால் போதும். "தவறுதலாக அனுப்பியது, பெற்றவரின் வங்கிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற்றுத் திருப்பித் தரவும்" என்ற வரி கட்டாயம் வேண்டும். அந்த வரி இல்லாத மனுக்கள் 'பணம் வெற்றிகரமாகச் சென்றுள்ளது' என்ற ஒற்றை வரிப் பதிலோடு மூடப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். போன் வழிப் பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் வலைத்தளத்தில் புகார் பகுதியில் Incorrectly transferred to another account என்று ஒரு தேர்வு இருக்கும். அங்கேயும் போடு.

எப்படி நடக்கும் என்று ஒரு கேஸ் சொல்கிறேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கும் அம்மா ஒருவர், துணிக்காரருக்கு 14,000 அனுப்பினார். துணிக்காரர் எண் மாற்றியது இவருக்குத் தெரியாது. பழைய எண் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அனுப்பும்போது திரையில் யாரோ ஒருவர் பெயர் வந்திருக்கிறது, 'அவர் மச்சான் பேரா இருக்கும்' என்று நினைத்துப் பின்னைப் போட்டுவிட்டார். அன்று மதியமே மனு வாங்கினேன், சாயங்காலம் அந்த வங்கிக்கு மெயில் போனது. ஆறு நாள் சத்தமே இல்லை. அப்புறம் விஷயம் தெரிந்தது. அவர்கள் வங்கியிலிருந்து போன் போட்டபோதெல்லாம் அந்த மனிதர் 'இது ஃபிராடு கால்' என்று வைத்துவிட்டாராம். தப்பு சொல்ல முடியாது. கடைசியில் கிளைக்கு நேரில் வரச் சொல்லி, கணக்கில் வந்த வரியைக் காட்டினார்கள். அவரும் கூலிவேலை செய்கிறவர்தான், உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் பணம் ஏறிய மறுநாளே அவருடைய லோன் தவணை 4,200 தானாகப் பிடித்திருந்தது. மீதி 9,800-க்குக் கையெழுத்துப் போட்டார், அது 19-ஆம் நாள் வந்து சேர்ந்தது. 4,200-ஐ இரண்டு மாதத்தில் கொடுத்தார்.

அதனால்தான் இன்றைக்கே போ என்கிறேன். பணம் போய்ச் சேர்ந்தவர் நல்லவராக இருந்தாலும் அவர் கணக்கு சும்மா இருக்காது.

"வியாசர்பாடிங்க. பணம் போன ஆளோட பேரு, அட்ரஸ் கேட்டா பேங்க்ல தர மாட்டேங்கறாங்க. என் பணம்தானே சார்?"

பணம் உங்களுடையது, விலாசம் அவருடையது. வாடிக்கையாளர் விவரத்தை வங்கி வெளியே கொடுக்கக் கூடாது. நாளைக்கு உங்கள் விலாசத்தை யாராவது கேட்டாலும் இதே பதில்தான். போலீஸோ கோர்ட்டோ எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள்.

"1930-க்கு அடிச்சா உடனே பணத்தை ஹோல்ட் பண்ணிடுவாங்களாமே, திருவொற்றியூர்ல எங்க பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்."

பக்கத்து வீட்டுக்காரர் பாதி சரி. அந்த எண் ஏமாற்றப்பட்டவர்களுக்கு. யாராவது பொய் சொல்லி உங்களிடம் பணம் பறித்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் அடியுங்கள். நீங்களே நம்பரை மாற்றி அடித்ததற்கு அது வழியல்ல. 'ஃபிராடு என்று சொல்லிவிட்டால் வேகமாக முடியும்' என்று பொய்ப் புகார் கொடுத்தால், எதிரில் இருப்பவர் தப்பே செய்யாமல் கணக்கு முடங்கி நிற்பார். அப்புறம் அவர் ஒத்துக்கொள்வாரா என்ன?

"தண்டையார்பேட்டை மளிகைக்கடையில ஸ்கேன் பண்ணேன். என்கிட்ட 740 கழிஞ்சுது, கடைக்காரருக்கு வரல."

அம்மா, இது தவறாகப் போனது இல்லை, நடுவில் நின்றது. கடைக்குக் கட்டியது என்றால் அடுத்த ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துக் கேளுங்கள், ரிசர்வ் வங்கியின் விதி அது. அதுவரை கடைக்காரரோடு சண்டை வேண்டாம்.

"கொருக்குப்பேட்டை, காலேஜ் படிக்கிறேன் சார். என் அக்கவுண்டுக்கு 5,000 வந்திருக்கு. ஒரு அண்ணன் அழுதுகிட்டே போன் பண்ணி, அவர் மனைவி நம்பர் தந்து அதுக்கு அனுப்பச் சொல்றார்."

முதலில் ஆப்பைத் திறந்து கணக்கின் இருப்பைப் பார். எஸ்.எம்.எஸ்ஸை நம்பாதே, பணம் வந்ததுபோல யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம். உண்மையிலேயே வந்திருந்தால், அனுப்பியவர் கணக்கு ஒன்று, திருப்பிக் கேட்கும் எண் வேறொன்று என்பதுதான் இதில் இடிக்கிறது. யாரோ ஒருவரிடம் திருடிய பணத்தை உன் கணக்கு வழியாகச் சுற்றிவிடுவது இப்படித்தான். 'என் வங்கிக்கு எழுதித் தருகிறேன், வந்த கணக்குக்கே போகும், உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள்' என்று அவரிடம் சொல். அந்தப் பணத்தைத் தொடாதே. நிஜமாகத் தவறவிட்டவர் என்றால் இதற்கு ஒத்துக்கொள்வார்.

"பெரம்பூர்ல ஆட்டோ ஓட்டுறேன். நீங்க சொல்றது அநியாயம் சார். போன மாசம் ஒருத்தர் தப்பா 600 அனுப்பினார். பேசினேன், அஞ்சு நிமிஷத்துல திருப்பி அனுப்பிட்டேன். எல்லாத்துக்கும் பேங்க்குன்னா மனுஷன் எதுக்கு?"

நல்ல காரியம் செய்தீர்கள். எந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்பினீர்கள்?

"வந்த நம்பருக்கேதான். ஹிஸ்டரில அவர் பேரைத் தொட்டு அனுப்பினேன்."

அப்படியானால் உங்களுக்கும் எனக்கும் பெரிய சண்டை இல்லை. நான் பயப்படுவது வேறு எண்ணுக்கு அனுப்புவதை. 600-க்கும் 50,000-க்கும் கூட வித்தியாசம் உண்டு. பெரிய தொகை என்றால் வந்த எண்ணுக்கே அனுப்புவதானாலும் முதலில் வங்கிக்கு ஒரு மெயில் போட்டு வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

"ஐயா, ஆட்டோக்கார அண்ணன் சொல்றதைக் கேட்காதீங்க. நான் புளியந்தோப்புல இட்லிக்கடை வெச்சிருக்கேன். இப்படித்தான் பாவம்னு 3,000 வேற நம்பருக்கு அனுப்பினேன். ரெண்டு வாரத்துல வெளிமாநிலப் போலீஸ் சொல்லி என் கணக்கை முடக்கிட்டாங்க. மாவு வாங்கக்கூட காசு எடுக்க முடியல."

இதைத்தான் சொல்ல வந்தேன். அம்மா, எந்த ஊர்ப் போலீஸ், என்ன புகார் எண் என்று உங்கள் வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த அதிகாரிக்கு உங்கள் கணக்கு வரவு செலவையும், அந்த ஆள் பேசிய நாள் நேரத்தையும் அனுப்பி, முழுக் கணக்கையும் முடக்காமல் 3,000-ஐ மட்டும் நிறுத்திவைக்கக் கேளுங்கள். எத்தனை நாளாகும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

"சரி சார், அந்த அக்காவுக்கு நடந்தது கொடுமைதான். ஆனா நெசமாவே தப்பா அனுப்பினவன் 19 நாள் பட்டினி கிடக்கணுமா? ஆட்டோ டியூ கட்டுறவனுக்கு 19 நாள் தெரியுமா?"

உங்கள் கோபம் நியாயம், என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை.

"சார் தப்பா அனுப்பிட்டேன், கஸ்டமர் கேர் நம்பர் குடுங்க."

கொடுக்க மாட்டேன். கூகுளில் தேடியும் எடுக்காதீர்கள், அங்கே போலி எண்கள் நிறைய. ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதி, இல்லை உங்கள் ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம். பேசுகிறவர் 'எனிடெஸ்க் இறக்குங்க' என்றால் போனை வையுங்கள், அது உங்கள் போன் திரையை அவர் பார்க்க வைக்கும் ஆப். பணம் திரும்பி வர உங்கள் பின் நம்பரைப் போடத் தேவையே இல்லை.

"நம்பர் மாத்தி அடிச்சிட்டேன், என்ன செய்யணும்?"

முதல் கேள்வியைப் படியுங்கள்.

"42,000 போயிடுச்சு ராயபுரத்திலிருந்து. அந்த ஆள் 'தர மாட்டேன், கேஸ் போட்டுக்கோ'ங்கறான். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தர் 403-ல் எஃப்.ஐ.ஆர். போட்டு உள்ளே தள்ளலாம்னு சொல்றார்."

குமாஸ்தா பழைய இந்திய தண்டனைச் சட்டப் புத்தகம் வைத்திருக்கிறார். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம், அதில் இது 314-ஆவது பிரிவு. அடுத்தவர் பணம் என்று தெரிந்தே சுருட்டினால் குற்றம், அது சரி. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் தானாக விசாரிக்கும் வகை இல்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். போலீஸ் ஒருமுறை கூப்பிட்டுப் பேசினாலே பாதிப் பேர் கொடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மசியவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவே சொல்கிறது, அதை நோட்டீஸில் குறிப்பிடச் சொல்லுங்கள். சிவில் வழக்குக்கு மூன்று வருஷ அவகாசம் உண்டு. வக்கீல் செலவு பயமாக இருந்தால் 15100-க்குப் போன் செய்து சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், லோக் அதாலத்தில் வைக்கலாம். வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனை இதில் நம்ப வேண்டாம். உங்கள் மனுவை வங்கி 30 நாள் கிடப்பில் போட்டால் அங்கே போகலாம். எதிராளி மறுப்பதற்கு வங்கியைக் குற்றம் சொல்ல முடியாது.

"அண்ணே, காலையில கேட்ட காசிமேட்டுப் பையன்தான். மனு குடுத்துட்டேன். 'வெச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்'னாங்க."

சீல் போட்ட நகல் வாங்கினாயா? இல்லையென்றால் நாலு மணிக்குள் திரும்பிப் போய் வாங்கு. புகார் எண்ணையும் கேள், எண் இல்லாத மனு மேஜை டிராயருக்குத்தான் போகும். அந்த ஆளுக்குப் போன் மேல் போன் அடிப்பதை நிறுத்து. அதற்குப் பதிலாக, எப்போது, எவ்வளவு, உன் வங்கி எது என்று மூன்று வரி மெசேஜ் போடு. அவருடைய வங்கி கூப்பிடும்போது எடுப்பார்.