முரண்தொடரா, சிலேடையா?

"விளம்பர வாசகங்களில் முரண்தொடரையும் சிலேடையையும் குழப்பிக்கொள்கிறேன். எப்படிப் பிரிப்பது?"

சொல்லை மாற்றிப் பாருங்கள். சர்ஃப் எக்ஸெல்லின் 'கறை நல்லது' வாசகத்தை 'அழுக்கு நல்லது' என்றாலும் முரண் அப்படியே நிற்கும், ஏனென்றால் அது பொருளில் இருக்கிறது. கண்டிப்பாகச் சொன்னால் இது முழு வாக்கியமாக வரும் முரணுரை. முரண்தொடர் என்பது 'இனிய வலி' போல எதிர்ச்சொற்கள் ஒட்டிய சிறு தொடர். தேர்வில் இந்த வேறுபாட்டை எழுதிவிடுங்கள்.

சிலேடை சொல்லிலேயே இருக்கிறது. 1978-இல் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக சாச்சி அண்ட் சாச்சி நிறுவனம் செய்த சுவரொட்டியில், வேலையில்லாதோர் வரிசைக்கு மேல் 'லேபர் இஸின்ட் வொர்க்கிங்' என்றிருந்தது. லேபர் என்றால் அப்போதைய ஆளுங்கட்சி, உழைப்பாளர்களும்தான். வொர்க்கிங் என்றால் வேலை செய்வது, சரியாக இயங்குவதும்தான். அங்கே 'ஃபங்ஷனிங்' என்று போட்டால் கட்சி சரியில்லை என்பது மட்டும் மிஞ்சும், வேலையின்மை மறைந்துவிடும்.